வளைந்த பாட்டிலில் லோகோவை மறைத்து, வளைவோடு போகும் வெற்று லேபிள் ஒட்டுவது எப்படி?

கேள்வி: என் குறும்படத்தில் மேசை மேல் இருக்கும் கண்ணாடி பாட்டிலில் ஒரு கம்பெனி லோகோ தெரிகிறது. மோக்காவில் டிராக் செய்து வெள்ளை லேபிள் ஒட்டினேன். நகர்வது சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் தட்டையாக, பாட்டிலுக்கு முன்னால் மிதப்பது போல் தெரிகிறது. கேமரா கையில் பிடித்து எடுத்தது, பாட்டிலை யாரும் தொடவில்லை. ஆஃப்டர் எஃபெக்ட்ஸும் அதனோடு வரும் மோக்காவும் மட்டும்தான் இருக்கின்றன.

பதில்:

பாட்டிலை யாரும் தொடவில்லை என்பது உங்கள் அதிர்ஷ்டம். பாட்டில் தன் அச்சில் சுற்றாத வரை, கேமரா கையில் லேசாக ஆடினாலும் லேபிளின் வளைவு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். அதனால் நகர்வை டிராக்கரிடம் விட்டுவிடுங்கள். வளைவை நீங்களே ஒரு முறை கையால் போட்டால் போதும். இரண்டையும் டிராக்கரே பார்த்துக்கொள்ளும் என்று விட்டால்தான் சிக்கல்.

போன வருடம் நானும் இதே மாதிரி ஒரு ஷாட் செய்தேன். டீக்கடை பெஞ்சில் ஒரு கூல்டிரிங்ஸ் பாட்டில், 4 விநாடி, 25 ஃப்ரேம் வேகத்தில் மொத்தம் 100 ஃப்ரேம். லோகோ பெரிதாக, கூர்மையாகத் தெரிந்த ஃப்ரேம் 40-இல் நின்று, லேபிளின் நடுப்பகுதியை மட்டும் சுற்றி ஸ்ப்லைன் போட்டு, முன்னும் பின்னும் டிராக் செய்தேன். ஓரங்களை ஸ்ப்லைனுக்குள் சேர்க்காதீர்கள், அங்கே பரப்பு பின்பக்கமாகத் திரும்பிவிடுகிறது. மோக்காவுக்குத் தட்டையான பரப்புதான் தெரியும். Perspective-ஐ டிக் செய்தால் அந்த வளைவையே சாய்வு என்று எடுத்துக்கொண்டு மூலைகளை ஆட்டிவிடும். Translation, Scale, Rotation மூன்றும் இருந்தால் பெரும்பாலும் போதும். கண்ணாடியில் விழும் லைட்டின் பளபளப்பு லேபிளோடு நகராது. அதன் மேல் இன்னொரு ஸ்ப்லைன் போட்டு, அந்த லேயரை மேலே வைத்தால், அந்த இடத்தை டிராக்கர் கணக்கில் சேர்க்காது.

அடுத்தது சர்ஃபேஸ். அந்த நாலு மூலைப் பெட்டியை லேபிளின் மூலைகளில் கச்சிதமாகப் பொருத்தத்தான் கை போகும். அப்படிச் செய்யாமல், சுற்றிலும் கொஞ்சம் பெரிதாக விடுங்கள். பின்னால் லேபிளை வளைக்கும்போது அதன் கீழ் ஓரம் தொங்கும். சர்ஃபேஸ் கச்சிதமாக இருந்தால் லேபிளை வைத்திருக்கும் ப்ரீகாம்ப் எல்லையில் அந்தத் தொங்கல் வெட்டுப்படும். எனக்கு வெட்டுப்பட்டது, அரை மணி நேரம் லேபிளை வளைக்கும் Bezier Warp எஃபெக்டைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஒரு புது காம்பில் வெற்று லேபிளைச் சுற்றிலும் இடம் விட்டு வையுங்கள். Create Track Data கொடுத்து, Corner Pin-ஆக அந்தக் காம்ப் மேல் ஏற்றுங்கள். வளைப்பு வேலை முழுக்க அந்தக் காம்புக்கு உள்ளேதான்.

உள்ளே லேபிள் லேயரில் Bezier Warp போடுங்கள். அதில் 4 மூலைப் புள்ளிகள், 8 டேன்ஜென்ட் புள்ளிகள். பக்க ஓரங்கள் நேராகவே இருக்கட்டும், மேல் ஓரமும் கீழ் ஓரமும்தான் வளைய வேண்டும். இங்கே நிறைய பேர் இரண்டுக்கும் ஒரே வளைவைக் கொடுப்பார்கள். உங்கள் லேபிள் மிதப்பது போல் தெரிவதற்கு வளைவு இல்லாதது ஒரு காரணம் என்றால், இப்படிக் கொடுக்கும் தவறான வளைவும் அதே மாதிரிதான் மிதக்கும். ஒரு டம்ளரைக் கையில் எடுத்துப் பாருங்கள். கண் மட்டத்தில் இருக்கும்போது அதன் விளிம்பு ஒரு கோடாகத் தெரியும். கீழே இறக்க இறக்க வட்டம் விரியும். பாட்டிலும் அப்படித்தான். கேமரா பாட்டிலுக்கு மேலிருந்து பார்த்தால், கீழ் ஓரம் கண் மட்டத்திலிருந்து அதிக தூரத்தில் இருக்கிறது, அதனால் அது அதிகம் வளையும். என் ஷாட்டில் லேபிளின் அகலம் சுமார் 180 பிக்சல். மேல் ஓரம் நடுவில் 6 பிக்சல் தொங்கியது, கீழ் ஓரம் 14. இதை அசல் லேபிளிலேயே அளந்துவிடலாம்: இரண்டு மூலைகளையும் சேர்த்து ஒரு நேர்கோடு, அதிலிருந்து நடுப்பகுதி எவ்வளவு கீழே போகிறது என்று பார்த்தால் முடிந்தது.

ஒரு ஓரத்தின் இரண்டு டேன்ஜென்ட்களையும் கீழே இழுத்தால், வளைவு அதில் முக்கால் பங்குதான் இறங்கும். 14 பிக்சல் தொங்க வேண்டும் என்றால் 19 இழுக்க வேண்டும், 6-க்கு 8. உள் காம்ப் நாலு மடங்கு பெரியது என்றால் இந்த எண்களையும் நாலால் பெருக்குங்கள். அப்புறம் டேன்ஜென்ட்களைக் கிடைமட்டமாக மூலைப் பக்கம் கொஞ்சம் தள்ளுங்கள். பாட்டிலின் வளைவு நடுவில் மெதுவாகவும் ஓரத்தில் சட்டென்றும் திரும்பும், அது இப்படித்தான் வரும். கேமரா ஷாட்டுக்குள்ளேயே மேலேறி இறங்கினால் இந்த வளைவுக்கு முதலிலும் நடுவிலும் கடைசியிலும் கீஃப்ரேம் போடுங்கள்.

வெற்று லேபிளில் ஒரு சலுகை உண்டு. எழுத்து இல்லாததால் நடுவில் எதுவும் சறுக்குவது தெரியாது. பார்ப்பவர் கண்ணுக்கு மாட்டுவது ஓரம் மட்டும்தான். என் பாட்டிலின் விட்டம் 7 செ.மீ., சுற்றளவு 22. லேபிள் அகலம் 10 செ.மீ. என்றால் அது 164 டிகிரியைச் சுற்றி நிற்கிறது, அதாவது பக்க ஓரங்கள் கிட்டத்தட்ட பாட்டிலின் விளிம்பிலேயே இருக்கின்றன. அங்கே காகிதம் நம்மைப் பார்ப்பதில்லை, பக்கவாட்டில் பார்க்கிறது. அதனால் ஓரம் கருக்க வேண்டும். கடைசி 15, 20 பிக்சலுக்கு ஒரு மெல்லிய நிழல் கிரேடியன்ட் போட்ட அந்த நிமிடத்தில்தான் என் லேபிள் பாட்டிலில் உட்கார்ந்தது. உண்மையில் வளைவை விட இந்த நிழல்தான் அதிக வேலை செய்தது.

சுத்த வெள்ளை வேண்டாம். ஃப்ரேமில் வேறு எங்காவது இருக்கும் வெள்ளையை ஐட்ராப்பரால் எடுத்துக்கொள்ளுங்கள். நான் டீக்கடைக்காரரின் பனியனிலிருந்து எடுத்தேன், பார்த்தால் அது மஞ்சள் கலந்த சாம்பல். கண்ணாடியின் பளபளப்பு கோட்டை லேபிள் காம்புக்குள் வரையாதீர்கள், அது லைட்டுக்குச் சொந்தம், லேபிளுக்கு அல்ல. மெயின் காம்பில் தனி லேயராக Screen மோடில் வைத்து, அசல் கோடு எங்கே போகிறதோ அங்கே நகர்த்துங்கள்.

ஓரத்துக்கு ஒரு பிக்சல் அளவு ப்ளர் கொடுங்கள், பிறகு Add Grain. அதில் Viewing Mode முதலில் Preview-இல் இருக்கும், ஒரு சின்னப் பெட்டிக்குள் மட்டும் கிரெய்ன் தெரியும். Final Output-க்கு மாற்றாமல் ரெண்டர் போட்டால் அந்தப் பெட்டியோடுதான் வரும்.

சரியாக வந்ததா என்று பார்க்க, 200 சதவீதம் பெரிதாக்கி, லேபிளின் கீழ் மூலையில் மட்டும் கண்ணை வைத்து ஓட விடுங்கள். மூலை பாட்டில் விளிம்போடு ஒட்டிக்கொண்டே போனால் டிராக் சரி. மெதுவாக விலகினால் மோக்காவில் AdjustTrack-இல் அந்த ஃப்ரேமைப் பிடித்துத் திருத்துங்கள். எல்லா ஃப்ரேமிலும் ஒரே அளவு விலகி இருந்தால் டிராக்கில் தப்பு இல்லை, சர்ஃபேஸைத்தான் நகர்த்த வேண்டும்.

வேறு ஷாட்டில் யாராவது பாட்டிலைத் திருப்பினால் இந்த முறை உதவாது. பாட்டில் திரும்பும்போது லேபிளின் ஒரு பக்கம் மறைந்து மறுபக்கம் விரியும், நாலு மூலையை வைத்து அதைப் பிடிக்க முடியாது. அப்போது CC Cylinder போட்டு Rotation-ஐக் கையால் கீஃப்ரேம் செய்வேன். விரல் குறுக்கே வந்தால் அதைத் தனியாக ரோட்டோ செய்து லேபிளுக்கு மேலே வைக்க வேண்டும், அதற்கு ஒரு சாயங்காலம் போகும்.