கட்டிய தவணை, கட்டாததாகப் பதிவு

கேள்வி: வாகனக் கடன் தவணைக்குக் கெடு 5-ஆம் தேதி. மார்ச் 4 அன்றே கட்டிவிட்டேன். ஆனால் கிரெடிட் அறிக்கையில் மார்ச், ஏப்ரல், மே மூன்று மாதமும் '30 நாள் தாமதம்' என்று இருக்கிறது. மறுத்து எழுதினேன். 'சரிபார்த்தோம், பதிவு சரியே' என்று ஒரு வரிப் பதில் வந்தது. நகலை இணைத்திருக்கிறேன்.

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஆனால், 'நான் எந்தத் தவணையும் தவறியதில்லை' என்று மட்டும் எழுதினால் இந்தப் பதில்தான் வரும். அறிக்கை தயாரிக்கும் நிறுவனம் உங்கள் புகாரைக் கடன் கொடுத்தவரிடம் அனுப்புகிறது. அங்கே ஒருவர் பிழை இருக்கும் அதே கணக்கைத் திறந்து பார்த்து, 'பதிவு சரி' என்கிறார். இதற்குச் சரிபார்ப்பு என்று பெயர் வைத்திருப்பதை என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை. தவணையில் வாங்கிய ஒரு சலவை இயந்திரத்துக்காக எனக்கும் இது நடந்தது.

முதலில் கடன் கணக்கின் முழு வரவு விவரத்தைக் கேட்டு வாங்குங்கள். மார்ச் தொகை வேறொருவர் கணக்கில் வரவாகியிருந்தால், நீங்கள் ஏப்ரலில் கட்டியதை மார்ச் பாக்கிக்கும், மேயில் கட்டியதை ஏப்ரலுக்கும் கழித்திருப்பார்கள். ஒரு பிழை மூன்று மாதத் தாமதமாக நீள்வது இப்படித்தான். மார்ச்சை மட்டும் திருத்தச் சொன்னால் மற்ற இரண்டும் அப்படியே இருந்துவிடும்.

அடுத்து உங்கள் வங்கிக் கணக்கில் மார்ச் 4-க்குப் பிறகு வந்த வரிகளையும் பாருங்கள். எடுத்த பணம் ஓரிரு நாளில் திரும்பி வந்திருந்தால் தவணை கட்டப்படவில்லை என்றே பொருள். அப்போது இந்த மறுப்பு நிற்காது.

பணம் திரும்பவில்லை என்றால் கடிதத்தை இப்படி எழுதுங்கள்: 'மார்ச் தவணை 4-ஆம் தேதி, இந்தப் பரிவர்த்தனை எண்ணில் செலுத்தப்பட்டது. அதை என் கடன் கணக்கில் அந்தத் தேதியிட்டு வரவு வையுங்கள். மார்ச், ஏப்ரல், மே மாதங்களை உரிய காலத்தில் செலுத்தியதாகத் திருத்துங்கள். தவறான பதிவை எந்தெந்த நிறுவனங்களுக்கு அனுப்பினீர்களோ, அவை எல்லாவற்றுக்கும் திருத்தத்தை அனுப்புங்கள்.' அறிக்கையில் அந்த வரியை வட்டமிட்டு, வங்கிக் கணக்கின் அந்தப் பக்கத்தோடு சேர்த்து, கடன் கொடுத்தவருக்கும் அறிக்கை நிறுவனத்துக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள். மூலப் பத்திரங்களை அனுப்ப வேண்டாம். பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை கட்டாயம் வேண்டும். இந்தியாவிலும் அமெரிக்காவிலும் பொதுவாக 30 நாளுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். அந்த 30 நாள் எந்தத் தேதியில் தொடங்கியது என்பதற்கு உங்களிடம் இருக்கும் சான்று ஒப்புகைதான்.

கேள்வி: இரண்டு தவணை மறந்துபோய்த் தாமதமாகிவிட்டது. இதே மாதிரிக் கடிதம் எழுதி நீக்க முடியுமா?

பதில்: முடியாது. உண்மையான பதிவுக்கு மறுப்பு எழுதி மற்றவர்களின் வரிசையை நீட்டாதீர்கள்.

கேள்வி: கட்டணம் கொடுத்தால் தாமதப் பதிவை அழித்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார்.

பதில்: கொடுக்காதீர்கள். பிழை இருந்தால் நீங்களே இலவசமாக மறுக்கலாம். பிழை இல்லையென்றால் அவராலும் அழிக்க முடியாது.