கழிவுத் தொட்டி, டிரம், கைப்புண்: தோல் ஷாப்புக் கேள்விகளுக்குப் பதில்

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் 31 வருஷம் தோல் பதனிடும் ஷாப்பில் டெக்னீஷியனாக இருந்தவன் நான். டாக்டர் இல்லை. கேட்டவர்கள் பெயரை எடுத்துவிட்டு, ஊரையும் வேலையையும் மட்டும் வைத்திருக்கிறேன்.

பேரணாம்பட்டு, மேஸ்திரி: கசடுத் தொட்டியைத் திறந்து ரெண்டு மணி நேரம் ஆறப்போட்டோம். முதல்ல அழுகின முட்டை நாத்தம், அப்புறம் நின்னுபோச்சு. விளக்கு இறக்கிப் பார்த்தோம், அணையலை. ஆள் இறக்கலாமா சார்?

இறக்காதீங்க. நாத்தம் நின்றது நல்ல சகுனம் இல்லை. அந்த நாத்தம் ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயு, அது காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குக் கீழே இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். அதுவே 100 பங்கைத் தொட்டால் சில நிமிஷத்தில் மூக்கு மரத்துவிடும். வாயு அப்படியே இருக்கும், வாசனை மட்டும் போயிருக்கும். 500, 700 என்று ஏறினால் சில நிமிஷத்தில் ஆள் சாய்ந்துவிடுவான். ஆயிரத்தில் ஓரிரு மூச்சுதான்.

விளக்கு சொல்வது ஆக்ஸிஜன் கணக்கை மட்டும். ஆளைக் கொல்லும் அளவு இந்த வாயு இருந்தாலும் விளக்கு நிம்மதியாக எரியும். அளவு இன்னும் கூடினால் வாயுவே தீப்பிடிக்கும், அதனால் விளக்கை இறக்குவதே தப்பு.

எவ்வளவு சல்பைடு இருந்தால் ஆபத்து என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தொட்டி 3 மீட்டருக்கு 3 மீட்டர், கசடுக்கு மேலே இரண்டரை மீட்டர் வெற்றிடம் என்று வைப்போம். அது 22.5 கன மீட்டர் காற்று. அதில் 500 பங்கு அளவுக்கு வாயு நிரம்ப வேண்டியது பதினோரு லிட்டர் சொச்சம், எடையில் 16 கிராம். நீங்கள் சுண்ணாம்பு டிரம்மில் போடுகிற 60 சதவீத சல்பைடு செதிலில் 60 கிராம் இருந்தால் அவ்வளவும் கிளம்பிவிடும். ஒரு கைப்பிடி, அவ்வளவுதான்.

திறந்து வைத்தால் போய்விடும் என்பதும் சரியில்லை. இது காற்றைவிடக் கனம், அடியிலேயே படுத்திருக்கும். அதைவிட மோசம், பாதி வாயு கசடுக்குள் அடைபட்டிருப்பது. மேலே நின்று பார்க்கும்போது ஒன்றும் இருக்காது. மண்வெட்டியால் ஒரு கிளறு கிளறினால், குலுக்கின சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி பொங்கி வரும்.

நான் பார்த்தது ஒன்று. இறங்கியவன் ஏணியில் நின்று எங்களோடு பேசிக்கொண்டேதான் இருந்தான். கணுக்கால் கசடில் நின்று நாலு தடவை வாரினான். ஐந்தாவது தடவை கத்தவே இல்லை, முழங்கால் மடங்கி உட்கார்ந்தான். அவன் மச்சான் உடனே ஏணியில் கால் வைத்தான். நான் அவன் கைலியைப் பிடித்து இழுத்தேன், இல்லாவிட்டால் இரண்டு பிணம். நெஞ்சில் கயிறு கட்டி இறக்கியிருந்ததால்தான் முதல் ஆளைத் தூக்க முடிந்தது, பிழைத்தான். மறுநாள் பார்த்தால் அவன் வெள்ளி அரைஞாண் கருகருவென்று இருந்தது.

ஆகவே முதல் வேலை, ஆளே இறங்காமல் முடிப்பது. தண்ணீர் பீய்ச்சிக் கசடை இளக்கி, மேலிருந்தே உறிஞ்சு லாரியில் எடுங்கள். அப்படிப் பீய்ச்சும்போதும் வாயு வரும், யாரும் வாய்ப்பக்கம் குனியக்கூடாது. இறங்கியே தீரவேண்டும் என்றால், ஊதுகாற்றுக் குழாயைத் தொட்டியின் அடிவரை விட வேண்டும். வாயு மீட்டரைக் கயிற்றில் கட்டி மேலே, நடுவே, அடியே என்று மூன்று இடத்திலும் பார்க்க வேண்டும். இறங்குகிறவனிடமும் மீட்டர் இருக்க வேண்டும், முதல் அலாரத்திலேயே அவன் மேலே வந்துவிட வேண்டும். முழு உடல் பெல்ட், மேலே முக்காலியில் கயிறு, காற்று சிலிண்டரோடு முகமூடி, வேறு எந்த வேலையும் பார்க்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருக்க ஒருவர். துணி முகமூடி எதற்கும் ஆகாது. வடிகட்டி வைத்த முகமூடியும் மூடின தொட்டிக்குள் ஆகாது.

அதே மேஸ்திரி: முதலாளி பாய்கிட்ட மீட்டர் கேட்டா, போன வருஷம் இல்லாமத்தானே பண்ணீங்கன்னு கேக்கறார்.

போன வருஷத் தொட்டியில் அன்றைக்கு எவ்வளவு வாயு இருந்தது என்று அவரையே கேளுங்கள். 2025 நவம்பரில் புதுச் சட்டம் வரும்வரை இருந்த தொழிற்சாலைச் சட்டத்தில் 36-ஆம் பிரிவு இதற்காகவே எழுதியது: தகுதியான ஆள் சோதித்துக் கையெழுத்துப் போடாமல், அல்லது மூச்சுக்கருவியும் கயிறு கட்டின பெல்ட்டும் இல்லாமல், வாயு இருக்கும் தொட்டியில் ஆளை இறக்கக்கூடாது. சட்டத்தைச் சொன்னால் கோபம் வரும் என்றால், உறிஞ்சு லாரி வாடகையைச் சொல்லிப் பாருங்கள். எனக்குத் தெரிந்து பல இடத்தில் அதுதான் வேலை செய்தது.

வாணியம்பாடி, சுத்திகரிப்புப் பிரிவு ஆபரேட்டர்: சுண்ணாம்புத் தண்ணியில பிஹெச் 12 இருக்கிறவரை வாயு வராது. அதனால எங்க தொட்டிக்குப் பயமில்லைன்னு சொல்லிட்டிருக்கேன். சரிதானே?

பாதி சரி. பிஹெச் 12-இல் சல்பைடு தண்ணீரிலேயே கட்டுண்டு கிடக்கும். 7-க்கு இறங்கினால் ஏறக்குறைய பாதி வாயுவாக மாறத் தயாராகிவிடும். நீங்கள் விட்டது இரண்டு.

ஒன்று, உங்கள் தொட்டிக்கு வருவது சுண்ணாம்புத் தண்ணீர் மட்டும்தானா? தோலை அமிலமும் உப்பும் போட்டு ஊறவைக்கும் பிக்கிள் தண்ணீர் பிஹெச் 3 சுமார், பதனிடும் குரோம் தண்ணீரும் அமிலம்தான். இரண்டும் ஒரே கால்வாயில் சந்தித்தால் அந்த இடமே வாயு அடுப்பு. தனித்தனிக் கால்வாய் இருக்கிறது என்பார்கள். மழை நாளில் போய்ப் பாருங்கள், அடைத்துக்கொண்ட ஒன்று அடுத்ததில் வழிந்துகொண்டிருக்கும்.

இரண்டாவது, சல்பைடே போடாத தண்ணீரிலும் இது உண்டாகும். குரோம் பவுடர், கந்தக அமிலம், அம்மோனியம் உப்பு எல்லாவற்றிலும் சல்பேட் இருக்கிறது. கசடு அடியில் காற்றில்லாமல் கிடந்தால், பாக்டீரியா அந்தச் சல்பேட்டைச் சல்பைடாக்கிவிடும். வெயில் காலத்தில் சீக்கிரமாகவே நடக்கும். ஷாப்பு மூடிக் கிடந்து திரும்பத் திறக்கும் வாரத்தில் கூடுதல் ஜாக்கிரதை வேண்டும் என்பது இதனால்தான்.

ஆம்பூர், டிரம் வேலை: சுண்ணாம்பு போக்குற டீலைமிங் முடிஞ்சு டிரம் கதவைத் திறந்தா கண் எரியுது, தலை சுத்துது. சகஜம்தான்னு மேஸ்திரி சொல்றார்.

சகஜமாகிவிட்டது என்பது உண்மைதான். சுண்ணாம்புத் தோலை அம்மோனியம் உப்புப் போட்டு ஓட்டும்போது பிஹெச் 12-லிருந்து எட்டரைப் பக்கம் இறங்கும். கண் எரிவது பெரும்பாலும் அம்மோனியா. தலை சுற்றலை அதன் கணக்கில் எழுதாதீர்கள், தோலில் மிச்சமிருந்த சல்பைடு வாயுவாகிக் கதவுக்குப் பின்னால் காத்திருக்கிறது. டீலைமிங்குக்கு முன்னால் ஒரு கழுவு கூடுதலாகப் போட்டால் பாதிப் பிரச்சினை தண்ணீரோடு போய்விடும். சில ஷாப்பில் சோடியம் பைசல்பைட் கொஞ்சம் சேர்த்து மிச்ச சல்பைடை அடக்குவார்கள். கதவைத் திறக்கும்போது டிரம்மை நிறுத்திவிட்டு, காற்று வரும் பக்கம் நின்று, முகத்தை நேரே கொடுக்காமல் திறங்கள். தலை சுற்றினால் வெளியே வந்துவிட வேண்டும், "இன்னும் ரெண்டு தோல்தானே" என்று நிற்கக்கூடாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். அமிலத்தைப் பத்து மடங்கு தண்ணீரில் கலக்கும்போது தண்ணீரில்தான் அமிலத்தை மெதுவாக ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றினால் முகத்தில் தெறிக்கும். அமில வாளி அமிலத்துக்கு மட்டும். சல்பைடு கரைத்த வாளியில் ஃபார்மிக் அமிலம் ஊற்றி மயங்கினவரை நான் தூக்கியிருக்கிறேன்.

ராணிப்பேட்டை, ஷேவிங் மெஷின்: 6 வருஷமா, குரோம்ல பதனிட்ட வெட் ப்ளூ ஈரத் தோலைச் சீவுற ஷேவிங் வேலை. விரல் இடுக்குல வெடிப்பு, நீர்க்கொப்புளம், அரிப்பு. லீவுல குறையுது, வேலைக்குப் போனா திரும்ப வருது. தோல் கிளவுஸ் போட்டும் போகலை.

அந்தத் தோல் கிளவுஸும் குரோமில் பதனிட்டதுதான் தம்பி! ஈரத்தில் ஊறினால் அது குரோமைக் கையில் வைத்துக் கட்டின மாதிரி. முதலில் அதைத் தூக்கிப் போடுங்கள். முழங்கை வரை வரும் நைட்ரைல் கிளவுஸ், உள்ளே பருத்தி உறை, அந்த உறையை ஈரமானதும் மாற்ற வேண்டும். ஓடும் கத்திப் பக்கம் கிளவுஸ் சிக்கும் ஆபத்து உண்டு, அதனால் தோலை எடுக்க, அடுக்க மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்.

லீவில் குறைவது வேலையைக் காட்டுகிறது. ஆனால் குரோம்தான் என்று நான் சொல்ல முடியாது. சுண்ணாம்பு, பூஞ்சைக்கொல்லி, ரப்பர் கிளவுஸ்கூட இதே மாதிரி செய்யும். அரசு மருத்துவக் கல்லூரித் தோல் பிரிவில் பேட்ச் டெஸ்ட் கேளுங்கள். முதுகில் பொட்டாசியம் டைகுரோமேட்டோடு மற்றதையும் ஒட்டி, 2 நாள் கழித்தும் 4 நாள் வாக்கிலும் பார்ப்பார்கள். பாதியில் குளித்து நனைத்துவிடாதீர்கள். ஒவ்வாமை உறுதியானால் இ.எஸ்.ஐ. டாக்டரிடம் "தொழிலால் வந்தது" என்று எழுதி வாங்குங்கள்.

ராணிப்பேட்டை, கெமிக்கல் ஸ்டோர்: இப்ப போடறது பச்சைக் குரோம், மூணு வேலன்ஸ். மஞ்சள் குரோம்தானே விஷம்? இந்தத் தம்பி வீணாப் பயப்படறார்.

மஞ்சள்தான் மோசம், அது சரி. பழைய நாளில் டைகுரோமேட் கையாண்டவர்கள் கையில் வலியே இல்லாத குழிப்புண்ணும், மூக்குத் தடுப்பில் ஓட்டையும் பார்த்திருக்கிறேன். பச்சை சுலபத்தில் தோலுக்குள் போகாது. ஆனால் ஏற்கெனவே ஒவ்வாமை வந்தவருக்கு, அதுவும் வெடித்த கையில், பச்சையும் போதும். பதனிட்ட தோலிலேயே பச்சை கொஞ்சம் மஞ்சளாக மாறுவதும் உண்டு. வெயில், சூடு, தவறான கொழுப்பு எண்ணெய் இதற்குக் காரணம். ஐரோப்பா 2015 மே மாதத்திலிருந்து தோலில் அந்த மஞ்சள் கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் விற்க விடுவதில்லை என்பது உங்கள் ஷாப்புக்கே தெரியும்.

சேலம், ஒரு அம்மா: என் பையனுக்கு ஸ்கூல் ஷூ போட்ட கால்ல புண். இதுவும் இந்த வாயுவாலயா?

இல்லைம்மா, வாயுவுக்கும் ஷூவுக்கும் சம்பந்தமில்லை. தோல், பசை, ரப்பர் எதுவும் காரணமாகலாம், வியர்வையும் சேரும். கொஞ்ச நாள் கேன்வாஸ் ஷூ போட்டுப் பாருங்கள், ஆறாவிட்டால் தோல் டாக்டர்.

வேலூர், மாணவர்: 2015-ல ராணிப்பேட்டையில 10 பேர் செத்தது இந்த வாயுலதானே?

இல்லை. அது ஜனவரி 31 அதிகாலை, சிப்காட் பொது சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்து ஷாப்பில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் கசடு பாய்ந்தது. தொட்டியில் இறங்கிச் சாவது வேறு கதை, இரண்டையும் குழப்பினால் எதைச் சரிசெய்வது என்று தெரியாமல் போகும்.

ராணிப்பேட்டை, ஷேவிங் மெஷின்: டெஸ்ட் எழுதிக் கொடுத்துட்டாங்க சார். பாசிட்டிவ் வந்தா தோல் ஷாப்பை விட்டுட்டு சித்தப்பாகூட கொத்தனார் வேலைக்குப் போயிடறேன்.

அவசரப்படாதீங்க தம்பி. சிமெண்ட்டிலும் கொஞ்சம் அந்த மஞ்சள் குரோம் இருக்கிறது, குரோம் ஒவ்வாமைக்குக் கொத்தனார் கைதான் பேர்போனது. இந்த ஒவ்வாமை வந்தால் போவது அரிது. வேலை மாறினவர்களில் சிலருக்கு ஆறியது, சிலருக்கு வருஷக்கணக்கில் தொடர்ந்தது, உங்களுக்கு எப்படி என்று இப்போது சொல்ல முடியாது. அதே ஷாப்பில் பேக்கிங், டெலிவரி மாதிரி ஈரமில்லாத பக்கம் மாற்றக் கேட்டுப் பாருங்கள். டெஸ்ட் என்ன சொன்னது என்று வந்து எழுதுங்கள்.