ரெசுமேயைச் சாட்பாட்டிடம் கொடுப்பதற்கு முன் எழுத வேண்டிய இரண்டு பக்கங்கள்

கேள்வி: "ஊர் தருமபுரி. டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்து, ஓசூரில் இரண்டு வருடமாக லைன் இன்ஸ்பெக்டராக இருக்கிறேன். ரெசுமேயைச் சாட்பாட்டில் போட்டால் நான் செய்யாததையெல்லாம் சேர்த்து எழுதிவிடுகிறது. பொய் கலக்காமல், ஆனால் நன்றாக இருக்கும்படி எழுதிக்கொள்ள வழி இருக்கிறதா?"

இருக்கிறது. ஆனால் முதல் பாதி வேலையைச் சாட்பாட் இல்லாமல் நீங்களே செய்தாக வேண்டும். நான் ஓசூரில் வாகன உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் ஆலை ஒன்றின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். ஆள் எடுக்கும்போது நேர்காணலிலும் உட்காருகிறேன். காவேரிப்பட்டணத்தில் இருக்கும் என் அக்கா மகனும் உங்களைப் போலவே வேறோர் ஆலையில் லைன் இன்ஸ்பெக்டர். சில மாதங்களுக்கு முன் அவனுடைய ரெசுமேயை இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அவனோடு உட்கார்ந்து சரிசெய்தேன். அதில் நடந்ததைச் சொன்னாலே உங்களுக்கு வழி தெரிந்துவிடும் என்று நினைக்கிறேன்.

அவன் சாட்பாட்டிடம் கொடுத்திருந்தது மூன்றே வரிகள்: படிப்பு, இரண்டு வருட இன்ஸ்பெக்டர் வேலை, அளவுக் கருவிகள் தெரியும் என்பது. அதன் கீழே "இதை நல்லா ஸ்ட்ராங்கா மாற்றிக் கொடு" என்று கேட்டிருந்தான். திரும்பி வந்த பக்கத்தில் அவன் ஒரு தரக் குழுவை வழிநடத்தியிருந்தான், ரிஜெக்‌ஷனை 30 சதவீதம் குறைத்திருந்தான், எஸ்.பி.சி. என்ற புள்ளியியல் வழித் தரக் கட்டுப்பாட்டில் நிபுணனாகியிருந்தான். "முப்பது சதவீதம் என்றால் எத்தனையிலிருந்து எத்தனைக்குக் குறைந்தது?" என்று கேட்டேன். "அது நான் எழுதுனது இல்ல மாமா, அதுவா போட்டுக்கிச்சு" என்றான். நேர்காணலில் எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் அந்தப் பதிலைச் சொல்ல முடியாது.

சாட்பாட் ஏன் அப்படிச் செய்கிறது என்பதைப் புரிந்துகொள்வது அவசியம். உங்கள் ஆலை அதற்குத் தெரியாது. ரெசுமே என்றால் எப்படி இருக்கும் என்பதுதான் தெரியும். அது பார்த்துப் பழகிய ரெசுமேக்களில் "வழிநடத்தினேன்", "இத்தனை சதவீதம் குறைத்தேன்" என்ற சொற்கள் நிறைய இருந்திருக்கும். ஆகவே மூன்று வரியைக் கொடுத்து ஒரு பக்கம் கேட்டால், மீதி முக்கால் பக்கத்தையும் அந்தப் பழக்கத்திலிருந்தே நிரப்புகிறது. நாம் இடத்தைக் காலியாக விட்டதால்தான் பொய் உள்ளே வருகிறது. இதற்கு மருந்து, காலியிடமே இல்லாதபடி உண்மையை நிறையக் கொடுப்பதுதான்.

அதனால் போனை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு, நேற்றைய ஷிப்டில் கேட்டுக்குள் நுழைந்ததிலிருந்து வெளியே வந்தது வரை என்ன செய்தாய் என்று தமிழிலேயே எழுதச் சொன்னேன். முதலில் "செக் பண்ணுவேன், ரிப்போர்ட் எழுதுவேன்" என்று இரண்டே வரி எழுதினான். எதைச் செக் பண்ணுவாய், எதை வைத்து, எத்தனை, தப்பாக இருந்தால் யாரிடம் சொல்வாய் என்று கேட்கக் கேட்க, இரண்டு பக்கம் நிறைந்தது. நான்கு சி.என்.சி. மெஷின்கள் அவன் பொறுப்பில் இருந்தன. மணிக்கு ஒரு முறை ஒவ்வொரு மெஷினிலிருந்தும் ஐந்து பீஸ் எடுப்பான். சாப்பாடு, டீ போக ஒரு ஷிப்டுக்கு ஏழு சுற்று வரும். நான்கை ஐந்தாலும் ஏழாலும் பெருக்கினால் ஒரு ஷிப்டுக்கு 140 பீஸ். ரெசுமேயில் எண் வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள், ஆனால் அந்த எண் இப்படித்தான் வர வேண்டும். யார் கேட்டாலும் கணக்கைத் திரும்பப் போட்டுக் காட்ட முடிகிற 140, எங்கிருந்தோ வந்த 30 சதவீதத்தைவிட என் போன்றவர்களிடம் அதிக மதிப்புப் பெறும்.

அந்த இரண்டு பக்கத்தில் ஒரு விஷயத்தை அவன் போகிற போக்கில் எழுதியிருந்தான். ஒரு பாகத்தில் 25 மி.மீ. துளை, டிராயிங்படி 25.000 முதல் 25.021 வரை இருக்கலாம், அதாவது மொத்த இடைவெளியே 21 மைக்ரான்தான். போரிங் டூலின் முனை தேயத் தேயத் துளை சிறுத்துக்கொண்டே வரும். ஒரு நாள் சுற்றுக்குச் சுற்று ரீடிங் கீழ் எல்லையை நோக்கி இறங்குவதைப் பார்த்து, பீஸ் இன்னும் அளவுக்குள் இருக்கும்போதே மெஷினை அமைத்துக் கொடுக்கும் செட்டரிடம் சொல்லி, டூலின் நிலையைத் திருத்தும் ஆஃப்செட் கொடுக்க வைத்திருக்கிறான். ரெசுமேயில் போடத் தகுந்தது என்று அவனுக்கே தோன்றாத இந்தச் சம்பவம்தான் அவனிடம் இருந்த மிக நல்ல சரக்கு. சாட்பாட்டுக்கு இதை யாரும் சொல்லவில்லை, அதனால்தான் அது குழுத் தலைமையைக் கற்பனை செய்தது.

இரண்டு பக்கமும் தயாரான பிறகுதான் சாட்பாட்டைத் திறந்தோம். ஆலையின் வாடிக்கையாளர் பெயர், பார்ட் நம்பர், டிராயிங் எதையும் அதில் போடவில்லை. போன் நம்பரையும் முகவரியையும் கடைசியில் நாமே சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். நாங்கள் கொடுத்த கட்டளை இதுதான்: "கீழே இருப்பது நான் உண்மையில் செய்த வேலை. இதில் உள்ளதை மட்டும் வைத்து ஆங்கிலத்தில் ரெசுமே வரிகளாக எழுது. இதில் இல்லாத எண், கருவி, பட்டம், பொறுப்பு எதையும் சேர்க்காதே. ஏதாவது தகவல் தேவைப்பட்டால் எழுதுவதற்கு முன் என்னைக் கேள். ஒவ்வொரு வரிக்கும் கீழே, என் குறிப்பில் எந்த வாக்கியத்திலிருந்து அதை எடுத்தாய் என்று காட்டு." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். மூலத்தைக் காட்டச் சொன்னால் வரியையும் குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது. ஆனால் அது காட்டுகிறது என்பதற்காக நம்பிவிடவும் கூடாது. சில நேரம் குறிப்பு ஒன்று சொல்லும், வரி அதைவிட ஒரு படி ஏறியிருக்கும்.

அந்த ஏற்றம் பெரும்பாலும் வினைச்சொல்லில் ஒளிந்திருக்கும். எஸ்.பி.சி. சார்ட்டில் ரீடிங் குறித்து வைப்பது அவன் வேலை. அதைப் பார்த்து முடிவெடுப்பது இன்ஜினியர் வேலை. சாட்பாட் "செயல்படுத்தினேன்" என்று எழுதியது, நாங்கள் "பதிவு செய்தேன்" என்று மாற்றினோம். துளை விஷயத்திலும் "டூல் தேய்மானக் கட்டுப்பாட்டு முறையை உருவாக்கினேன்" என்று வந்தது. "மணிநேரச் சோதனையில் துளை அளவு இறங்குவதைக் கண்டு, எல்லை தாண்டும் முன் செட்டருக்குத் தெரிவித்தேன்" என்று திருத்தினோம். திருத்திய வரியில்தான் ஓர் இன்ஸ்பெக்டரின் கண் தெரிகிறது, உருவாக்கினேன் என்பதில் அது தெரியவில்லை. இன்னொன்றும் கவனித்தோம். "இன்னும் மெருகேற்று" என்று திரும்பத் திரும்பக் கேட்டால் ஒவ்வொரு முறையும் சொற்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகின்றன: உதவினேன் என்பது செய்தேன் ஆகிறது, செய்தேன் என்பது வழிநடத்தினேன் ஆகிறது. ஆகவே மாற்றம் வேண்டுமென்றால் சாட்பாட் எழுதியதை மெருகேற்றாமல், உங்கள் இரண்டு பக்கத்தைக் கொடுத்து மீண்டும் முதலிலிருந்து கேளுங்கள்.

திறமைகள் பகுதிக்கு நாங்கள் மூன்று தட்டு வைத்தோம்: தனியாகச் செய்வேன், ஒருவர் பக்கத்தில் இருந்தால் செய்வேன், பார்த்திருக்கிறேன். வெர்னியர், மைக்ரோமீட்டர், ஏர் கேஜ் முதல் தட்டு. அவன் விண்ணப்பிக்க இருந்த விளம்பரத்தில் சி.எம்.எம். என்ற அளவெடுக்கும் மெஷின் தெரிய வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்; விளம்பரத்தையும் சேர்த்துக் கொடுத்தவுடன் சாட்பாட் அதைத் திறமைப் பட்டியலில் ஏற்றிவிட்டது. அவன் செய்ததோ பீஸைச் சி.எம்.எம். அறைக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, வரும் ரிப்போர்ட்டை டிராயிங்கோடு ஒப்பிட்டது. அதை அப்படியே "சி.எம்.எம். ரிப்போர்ட்டை டிராயிங்குடன் ஒப்பிடுதல்" என்று எழுதினோம். மெஷினை ஓட்டத் தெரியாது என்பது படிப்பவருக்கு விளங்கும், விளங்கட்டும். மூன்றாம் தட்டில் இருந்த எதையும் ரெசுமேயில் சேர்க்கவில்லை.

நம் பக்கத்துப் பிள்ளைகள் அதிகம் தவறும் இடம் ஒன்று இருக்கிறது. அவன் அந்த ஆலையில் வேலை செய்தாலும் கான்ட்ராக்டர் ரோலில் இருந்தான். சாட்பாட்டுக்கு அது தெரியாததால் ஆலையின் நேரடி ஊழியன் போல எழுதியிருந்தது. பி.எஃப். கான்ட்ராக்டர் பெயரில்தான் கட்டப்படுகிறது, யூ.ஏ.என். கணக்கின் சர்வீஸ் ஹிஸ்டரியில் நிறுவனத்தின் பெயரும் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் இருக்கும், அதைச் சரிபார்க்கும் கம்பெனிகள் உண்டு. எனவே கான்ட்ராக்டர் பெயரை எழுதி, பணி செய்த இடம் இன்ன ஆலை என்று அடுத்த வரியில் குறித்தோம். படிப்பு முடிந்து இந்த வேலையில் சேரும் வரை இருந்த ஐந்து மாத இடைவெளியையும், அப்பாவின் அறுவைச் சிகிச்சைக்காக வீட்டில் இருந்ததாக ஒரே வரியில் அப்படியே விட்டோம்.

கடைசியாக ஒரு சோதனை. பழைய உரையாடலில் தொடராமல் புதிய உரையாடல் ஒன்றைத் திறந்து, முடிந்த ரெசுமேயை மட்டும் கொடுத்து, "நீ ஒரு தர மேலாளர், ஒவ்வொரு வரிக்கும் மூன்று கேள்வி கேள்" என்று சொல்ல வேண்டும். கேள்விகளை நான் படித்தேன், அவன் எதையும் பார்க்காமல் பதில் சொன்னான். காற்றை வைத்துத் துளையை அளக்கும் ஏர் கேஜுக்கு, அளவு தெரிந்த மாஸ்டர் ரிங் ஏன் இரண்டு என்றதற்கு, சிறிய ரிங்கில் கீழ் எல்லையையும் பெரிய ரிங்கில் மேல் எல்லையையும் வைத்து ஸ்கேலைப் பொருத்துவோம் என்று தயங்காமல் சொன்னான். அடுத்த வரியில் "கருவிகளைக் கேலிபிரேஷன் செய்தேன்" என்று இருந்தது. எந்த இடைவெளியில், எந்தச் சான்றிதழின்படி என்று கேட்டதும் விழித்தான். கேலிபிரேஷன் என்பது கருவியைத் தேசியத் தரத்தோடு தொடர்புள்ள மாஸ்டர்களோடு ஒப்பிட்டு, பிழை எவ்வளவு என்று சான்றிதழ் கொடுக்கும் தனி வேலை. அவன் செய்தது ஷிப்ட் தொடக்கத்தில் மாஸ்டர் வைத்துச் சரிபார்ப்பது. இரண்டு பக்கக் குறிப்பிலேயே அந்தச் சொல்லை அவன் தவறாக எழுதியிருந்தான், சாட்பாட்டுக்கும் அது தவறென்று தெரிய வழியில்லை, நானும் முதல் வாசிப்பில் கவனிக்கவில்லை. "தினமும் மாஸ்டர் ரிங் கொண்டு ஏர் கேஜைச் சரிபார்த்தேன்" என்று அந்த வரியை அவனே மாற்றி எழுதினான்.