கண்ணாடி போட்ட தஞ்சாவூர் படத்தைப் போனில் எடுப்பது

கேள்வி: "கடலூர் வீட்டு ஹாலில் 2 அடிக்கு ஒன்றரை அடியில் ஒரு தஞ்சாவூர் படம் இருக்கிறது. போனில் எடுத்தால் எதிர் ஜன்னலும் நானும்தான் தெரிகிறோம். கண்ணாடியைக் கழற்றாமல் எடுக்க முடியுமா?"

முடியும். போலரைசர் ஃபில்டர் வாங்கச் சொல்லி இங்கே நாலு பேர் வருவார்கள், அவசரப்பட்டு வாங்கிவிடாதீர்கள். கண்ணாடியை நன்றாகச் சாய்வாகப் பார்க்கும்போதுதான் அது பிரதிபலிப்பை வெட்டும். படத்துக்கு நேர் எதிரே நின்றால் பெரிதாக ஒன்றும் செய்யாது. "விளக்குக்கும் போலரைசர் தாள் ஒட்டினால் வெட்டுமே" என்று சொல்வார்கள். வெட்டும், மறுக்கவில்லை. ஆனால் அதோடு தங்க ரேக்கின் மினுமினுப்பையும் சேர்த்து வெட்டிவிடும். தங்கம் மண் நிறத்தில் வந்தால் அது என்ன தஞ்சாவூர் படம்?

சாதாரணக் கண்ணாடி தன்மேல் விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு எட்டுப் பங்கைத் திருப்பி அனுப்பும். அதைத் தடுக்க முடியாது. அது எதைக் காட்ட வேண்டும் என்பதை மட்டும் நாம் முடிவு செய்யலாம். கறுப்பைக் காட்டினால் கறுப்பில் எட்டுப் பங்கு, கண்ணுக்கே தெரியாது.

எவ்வளவு பெரிய கறுப்பு? போன் இருக்கும் அதே இடத்தில் துணியைக் கட்டினால், படத்தைப்போல் இரண்டு மடங்கு அகலமும் உயரமும் போதும். எவ்வளவு தள்ளி நின்றாலும் இந்தக் கணக்கு மாறாது. உங்கள் படத்துக்கு 4 அடிக்கு 3 அடி. ஐயப்பனுக்கு மாலை போட்டபோது கட்டிய நாலு முழக் கறுப்பு வேட்டி தாராளமாகக் காணும். சாயம் போய்ச் சாம்பலானதும் பளபளக்கும் பாலியஸ்டரும் வேண்டாம். துணி உங்களுக்கு முன்னால் தொங்க வேண்டும், முதுகுக்குப் பின்னால் அல்ல. கொடிக்கயிற்றில் இரண்டு துணிகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, நடு இடைவெளியில் லென்ஸ் மட்டும் எட்டிப் பார்க்கட்டும்.

ராத்திரியில் எடுங்கள், ஜன்னல் தொல்லை தானாகப் போய்விடும். ஆணியில் தொங்கும் படம் முன்பக்கம் சாய்ந்திருக்கும். இறக்கி, மேஜைமேல் சுவரோடு செங்குத்தாக நிறுத்துங்கள். 6 அடி தள்ளி, போனை ஸ்டாண்டில் வைத்து 2x-இல் எடுக்க வேண்டும். நேராக இருக்கிறதா என்று பார்க்கக் கண்ணாடியே உதவும். போன் டார்ச்சை ஒரு நொடி போட்டால் அதன் புள்ளி படத்தின் நடுவில் தெரிய வேண்டும். மேலே தெரிந்தால் போன் உயரமாக இருக்கிறது, அல்லது படம் முன்பக்கம் சாய்ந்திருக்கிறது.

விளக்குக்கு ஒரே கடையில் வாங்கிய ஒரே மாதிரி 9 வாட் எல்இடி பல்பு இரண்டு. படத்தின் நடுவிலிருந்து இரு பக்கமும் 3 அடி விலகி, 3 அடி முன்னால் வையுங்கள். அந்த இடத்தில் கண்ணாடி 'பார்க்கும்' பகுதி நடுவிலிருந்து ஒன்றரை அடியோடு முடிந்துவிடும், பல்பு மாட்டாது. இதையே 2 அடி கிட்டத்தில் நின்று எடுத்தால் அந்தப் பகுதி இரண்டரை அடி வரை விரியும், பல்புக்கு அரை அடிதான் மிச்சம், கொஞ்சம் உள்ளே நகர்ந்தாலும் மாட்டிக்கொள்ளும். கிட்டப் போனால் கெடுவது இதனால்தான். அதற்காக விளக்கை இன்னும் பக்கவாட்டில் தள்ளினால், ஆழமான சட்டத்தின் நிழல் படத்தின்மேல் விழும். பல்புக்கும் துணிக்கும் நடுவே ஒரு அட்டை நிறுத்துங்கள். துணியில் வெளிச்சம் பட்டால் படம் முழுக்க மெல்லிய சாம்பல் படலம் போர்த்தியதுபோல் வரும். நடுவில் மட்டும் ஒரு வளையம் மின்னினால் அது போன் கேமராவின் பளபள விளிம்பு, சுற்றிக் கறுப்புத் தாள் ஒட்டுங்கள். டைமர் 3 நொடி, ஃபிளாஷ் வேண்டாம், ஸ்கிரீன் வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

(ஃபிரேம் கடையில் 'கிளேர் அடிக்காது' என்று சொல்லிச் சொரசொரப்புக் கண்ணாடியை மாட்டிவிடுகிறார்கள். தஞ்சாவூர் படத்தில் கண்ணாடி ஓவியத்தைத் தொடாமல் தள்ளி நிற்கும். அந்த இடைவெளியில் எல்லாம் மங்கிப்போகும். உங்களுடையது அதுவென்றால் என்ன செய்தாலும் கூர்மை வராது.)

இப்போது பிரதிபலிப்பு இருக்காது, ஆனால் தங்கம் செத்துக் கிடக்கும். கண்ணாடியைப்போல் ரேக்கும் கறுப்பைத்தானே பார்க்கிறது. ஒரு பக்க பல்பை மட்டும் திருப்பி, அதே இடத்தில் நிறுத்திய தெர்மாகோல் பலகையில் அடியுங்கள். பலகையைக் கொஞ்சம் கொஞ்சமாக நடுவை நோக்கி நகர்த்திக்கொண்டே ஸ்கிரீனைப் பாருங்கள். புடைப்பு வேலை பல பக்கமும் திரும்பியிருப்பதால் கண்ணாடிக்குத் தெரியும் முன்பே தங்கத்துக்குப் பலகை தெரிந்துவிடும். திருவாசி, நகை, தூண் என்று ஒவ்வொன்றாக எழும்பும். கண்ணாடி ஓரத்தில் வெள்ளைக் கீற்று தலைகாட்டியதும் பலகையை ஒரு சாண் பின்னுக்கு இழுத்து, அங்கேயே நிறுத்தி எடுத்துவிடுங்கள்.