t என்பது கேமரா நிற்கும் இடம் அல்ல

கேள்வி: ஊசித்துளை கேமரா மாதிரியை வைத்து முப்பரிமாணப் புள்ளிகளைப் படத்தில் போட்டுப் பார்க்கிறேன். கேமராவின் குவியத்தூரமும் பட மையமும் அடங்கிய K அணி சரி, கேமரா இருக்கும் இடத்தையும் டேப் வைத்து அளந்தாயிற்று. ஆனாலும் புள்ளிகள் தப்பான இடத்தில் விழுகின்றன. ஏன்?

டேப்பில் அளந்த மூன்று எண்களையும் அப்படியே இடப்பெயர்ச்சி வெக்டரான t-யில் போட்டிருப்பீர்கள். நானும் அதையேதான் செய்தேன். நாலு நாள் போனது.

ஒரு கிடங்கு வளாகத்தில் வேலை. தரையில் கோடு, ஓரத்தில் ஒரு மீட்டர் உயரக் குட்டிக் கம்பங்கள். அவற்றின் அளவுகள் கையில் இருந்தன. கேமரா படத்தின் மேல் அவற்றை வரைய வேண்டும், அவ்வளவுதான். எண்களை எளிதாக்கிச் சொல்கிறேன். X கிழக்கு, Y வடக்கு, Z மேல்நோக்கி. கேமரா இருக்கும் இடம் C = (2, 1, 3), அதாவது மூன்று மீட்டர் உயரத்தில். சாயாமல் நேராக வடக்கே பார்க்கிறது. படம் 1280×720, பிக்சலில் குவியத்தூரம் fx = fy = 1000, பட மையம் cx = 640, cy = 360.

கேமராவுக்கென்று தனி அச்சுகள் உண்டு: x வலப்பக்கம், y கீழ்நோக்கி, z பார்க்கும் திசை. வளாகத்து அச்சுகளை இதற்குத் திருப்புவது R என்ற சுழற்சி அணியின் வேலை. இங்கே அது (X, Y, Z)-ஐ (X, −Z, Y) ஆக்குகிறது. ஒரு கம்பத்தின் உச்சி P = (4, 11, 1). திருப்பினால் (4, −1, 11). இதோடு t-யைக் கூட்ட வேண்டும். நான் C-யையே கூட்டினேன். (6, 0, 14) வந்தது, பிக்சல் ஏறக்குறைய (1069, 360). படத்துக்குள்ளேயே விழுந்ததால் அளவில்தான் ஏதோ சின்னப் பிசகு என்று எல்லாரும் நினைத்தோம்.

உண்மையில் t என்பது கேமராவின் அச்சில் இருந்து பார்க்கும்போது வளாகத்தின் தொடக்கப்புள்ளி எங்கே இருக்கிறது என்பது. அதனால்:

```python
t = -R @ C
Xc = R @ P + t
u = fx * Xc[0] / Xc[2] + cx
v = fy * Xc[1] / Xc[2] + cy
```

இப்போது t = (−2, 3, −1), Xc = (2, 2, 10). அதாவது வலப்பக்கம் 2 மீட்டர், கீழே 2, முன்னால் 10. பிக்சல் (840, 560). கம்பத்தின் உச்சியில் கச்சிதமாக உட்கார்ந்தது.

தப்பை முதல் நாளே கண்டுபிடித்திருக்கலாம். கேமரா சாயாமல் இருந்தால், அதற்கு முன்னால் அதைவிடத் தாழ்ந்து இருக்கும் எந்தப் புள்ளியும் படத்தின் நடுக்கோட்டுக்குக் கீழேதான், அதாவது v 360-ஐ விடப் பெரிதாகத்தான் விழ வேண்டும். மூன்று மீட்டர் உயரக் கேமராவுக்கு ஒரு மீட்டர்க் கம்பத்தின் உச்சி சரியாக 360-இல் தெரியவே முடியாது. எந்தக் கேமராவுக்கும் செல்லும் சோதனை இன்னொன்று: P-க்குப் பதில் C-யையே கொடுங்கள். Xc (0, 0, 0) வர வேண்டும். வரவில்லையென்றால் t தப்பு.

"நான் R(P − C) என்றுதான் எழுதுவேன், எனக்கு இந்தச் சிக்கலே இல்லை" என்று யாராவது சொல்வார்கள். சரி, இரண்டும் ஒன்றுதான். கிராஃபிக்ஸ் பக்கம் கேமரா −z திசையில் பார்க்கும் வழக்கமும் உண்டு, தெரியும். நான் சொல்வது ஓப்பன்சிவி நிரல் நூலகத்தின் வழக்கம். அங்கே தெரிந்த புள்ளிகளை வைத்து R-ஐயும் t-யையும் கண்டுபிடிக்கும் `solvePnP` தரும் `tvec`-உம் கேமராவின் இடம் அல்ல. இடம் வேண்டுமானால் −Rᵀt போட வேண்டும்.

t-யைத் திருத்திய பிறகும் சில புள்ளிகள் சம்பந்தமில்லாத இடத்தில் மிதந்தன. கேமராவுக்குப் பின்னால் இருந்த சுவரில் ஐந்து மீட்டர் உயரத்தில் ஒரு விளக்கு, (0, −9, 5). அதன் Xc (−2, −2, −10). வகுத்துப் பாருங்கள், அதே (840, 560)! மைனஸை மைனஸால் வகுத்தால் ப்ளஸ் ஆகிவிடுகிறது, பின்னால் இருப்பது முன்னால் வந்து விழுகிறது. `cv2.projectPoints` இதைத் தடுக்காது. வகுப்பதற்கு முன்பே Xc[2] > 0 உள்ளவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் லென்ஸ் வளைவைத் திருத்திய படத்துக்குத்தான். அகலக் கோண லென்ஸ் என்றால், நடுவில் சரியாக உட்காரும் புள்ளிகள்கூட ஓரத்தில் விலகும். அது வேறு நோய், t-யைப் போட்டு நோண்டாதீர்கள்.

எனக்கு இன்னும் ஆறாதது ஒன்று. அந்த நாலு நாளும் "அளந்தவன் சரியாக அளக்கவில்லை" என்றே மேலிடம் சொன்னது. டேப் பிடித்த தம்பியை மறுபடி வெயிலில் ஏணி ஏற்றி அளக்க விட்டார்கள். இரண்டு தடவையும் அதே எண்கள்தான் வந்தன. அந்த இரண்டாவது நாளுக்கான கூலியை அவனுக்குக் கடைசி வரை கொடுக்கவில்லை. தப்பு என் கணக்கில் இருந்தது, அவன் டேப்பில் இல்லை.