"பிடிச்ச பிறகு காசு" என்ற பேச்சும் 70,000 ரூபாய் நிலுவையும்

கேள்வி: கிளிநொச்சியில் இருந்து டிசைன் வேலை செய்கிறேன். பரந்தனில் ஒரு அரிசி ஆலை முதலாளிக்கு லோகோவும், 5 கிலோ, 10 கிலோ பைகளுக்கான டிசைனும் செய்ய 90,000 ரூபாய் பேசினோம். 20,000 முற்பணம் தந்தார். பத்துத் தடவை மாற்றிக் கொடுத்துவிட்டேன். "இன்னும் மனசுக்குப் பிடிக்கேல்லை, பிடிச்ச பிறகு மிச்சக் காசு" என்கிறார். எல்லாம் வட்ஸ்அப்பில் பேசியதுதான். காசை எடுக்கலாமா? அடுத்த வேலைக்கு எப்படி எழுதுவது?

பதில்: எடுக்கலாம் தம்பி, ஆனால் நாள் கடத்த வேண்டாம். காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி, செய்த வேலைக்கான கூலியைக் கேட்டு வழக்குப் போட, அது தர வேண்டியதாகிய நாளிலிருந்து ஒரு வருடம்தான் உண்டு. எழுத்து மூல ஒப்பந்தம் என்றால் ஆறு வருடம். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டத்தின்படி வட்ஸ்அப் செய்தியையும் எழுத்து என்று வாதாடலாம். இருந்தாலும் அதை நம்பி இருந்துவிடாதீர்கள். முழு டிசைனையும் முதன்முதல் அனுப்பிய நாளிலிருந்து ஒரு வருடத்தை எண்ணிக்கொள்ளுங்கள். உரையாடல் முழுவதையும் பிரதி எடுத்து ஈமெயிலில் போட்டு வையுங்கள். பிறகு சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதம் அனுப்புங்கள். இந்தளவு தொகைக்கு வழக்கின் முன் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டிவரும்.

அடுத்த வேலைக்கு வேலை விபரப் பத்திரம் ஒரு பக்கம் போதும். எதைக் கொடுப்பீர்கள் என்பதை எண்ணிச் சொல்லுங்கள்: லோகோ ஒன்று, பை டிசைன் இரண்டு, அச்சுக்கான பி.டி.எப். கோப்பு. "பிராண்டிங் வேலை" என்று மட்டும் எழுதினால், நாளைக்கு விசிட்டிங் கார்ட்டும் அதற்குள் வந்துவிடும்.

உங்களை மாட்டியது திருத்தம்தான். "இரண்டு திருத்தம்" என்று எழுதினாலும் போதாது. காலையில் "நெற்கதிரைப் பொன்னிறமாக்குங்கோ", பின்னேரம் "எழுத்தைப் பெரிசாக்குங்கோ" என்று வந்தால் அது ஒன்றா, இரண்டா? ஆகவே இப்படி எழுதுங்கள்: "ஒரு சுற்று என்பது, வேண்டிய எல்லா மாற்றங்களையும் ஒரே செய்தியில் தருவது. இரண்டு சுற்றுகள் கட்டணத்துக்குள் அடங்கும். அதற்கு மேல் சுற்றுக்கு 4,000 ரூபாய். ஒத்துக்கொண்ட லோகோவை விட்டுப் புதிதாகக் கேட்டால் அது புது வேலை." இதோடு இன்னொரு வரி கட்டாயம்: "அனுப்பி ஏழு நாளுக்குள் எழுத்தில் திருத்தம் வராவிட்டால் ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும்." இந்த வரி இருந்தால் பதில் சொல்லாமல் இழுத்தடிக்க முடியாது.

தவணையை "பிடித்தால்" என்பதில் கட்டாதீர்கள். பிடித்தது எப்போது என்று யார் நிரூபிப்பது? உங்களுடைய 90,000ஐயே எடுங்கள். வேலை தொடங்க முன் 36,000, லோகோ ஏற்கப்பட்டதும் 27,000, பை டிசைன் ஏற்கப்பட்டதும் 27,000, ஒவ்வொன்றும் ஐந்து நாளுக்குள் என்று எழுதியிருந்தால், ஏழு நாள் வரி தானாகவே தவணை நாளைக் காட்டியிருக்கும். கடைசித் தவணை வரும்வரை நீர்க்குறி போட்ட மாதிரிப் படத்தை மட்டும் அனுப்புங்கள். பதிப்புரிமையும் அதற்குப் பிறகே கைமாறும் என்று சேர்த்து, இருவரும் திகதி போட்டுக் கையொப்பம் வையுங்கள். முதலாளி கொழும்பில் நின்றால், பத்திரத்தை ஈமெயிலில் அனுப்பி, "சம்மதம்" என்ற பதில் வந்த பிறகு வேலையைத் தொடங்குங்கள்.