சிலேட்டு விலையைப் பிரிக்கறப்ப கஷ்டம் எழுத்துல இல்ல, அளவுல இருக்கு

கேள்வி: காய்கறி சந்தையில சிலேட்டுல சாக்பீஸால எழுதி வச்சிருக்கற விலையை போட்டோ எடுத்து பொருள், அளவு, விலைனு மூணு காலமா பிரிக்கணும். ஓசிஆர் போட்டா எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி வருது. எப்படி பண்றது?

இந்த வேலையை நான் கொஞ்ச நாள் உட்கார்ந்து பண்ணிருக்கேன். ஆரம்பத்துல எழுத்து சரியா படிச்சுட்டா போதும், மிச்சம் தானா வந்துடும்னுதான் நினைச்சேன். ஆனா எழுத்து எல்லாம் சரியா வந்த வரிகள்லயே விலை தப்பா பதிவாகி இருந்துச்சு. காரணம் அளவு. 15 ரூபாங்கறது கிலோவுக்கா, கால் கிலோவுக்கா, ஒரு கட்டுக்காங்கறது தப்பினா மத்த எதுவும் சரியா இருந்து பிரயோஜனம் இல்ல. அதனால அளவைப் பத்திதான் நிறைய சொல்லப் போறேன்.

முதல்ல படம். சிலேட்டை நேரா நின்னு எடுக்காதீங்க, வெளிச்சம் பட்டு நடுவுல வெள்ளையா பளபளக்கும், அந்த இடத்துல இருக்கற எண் போயிடும். கொஞ்சம் பக்கவாட்டுல நின்னு எடுத்துட்டு அப்புறம் நாலு மூலையையும் வச்சு நிமிர்த்திக்கலாம். பெரிய தொல்லை என்னன்னா நேத்து எழுதின விலை. கையாலயோ துணியாலயோ அழிச்சுட்டு அதே இடத்துல புதுசு எழுதுவாங்க, பழைய எண் மங்கலா பின்னாடி நிக்கும். கருப்பு வெள்ளையா மாத்தறப்ப அடாப்டிவ் த்ரெஷோல்டு போட்டீங்கன்னா அது அந்தந்த இடத்தோட வெளிச்சத்தைப் பார்த்து வெட்டறதால மங்கலா கிடந்ததும் பளிச்சுனு மேல வந்துடும், 30-க்குப் பின்னாடி இருந்த பழைய 8 சேர்ந்து 80 மாதிரி தெரியும். நான் அதை விட்டுட்டு, படம் முழுசுக்கும் ஒரே அளவா, கொஞ்சம் உயரமா த்ரெஷோல்டு வச்சேன். புது சாக்பீஸ் கோடு மட்டும் நிக்கும். அழுத்தாம எழுதினவங்க கோடு அங்கங்க அறுபடும்தான், ஆனா இல்லாத எண் வர்றதை விட கோடு அறுபடறது பரவாயில்ல, ஏன்னா அறுந்தது கண்ணுக்குத் தெரியும்.

இன்னொண்ணு, கருப்புல வெள்ளையா இருக்கறதை அப்படியே டெசராக்டுங்கற ஓசிஆர் மென்பொருளுக்கு கொடுக்கக் கூடாது. அதோட நாலாம் பதிப்புல இருந்து வெளிர் பின்னணியில கருப்பு எழுத்தைத்தான் எதிர்பார்க்குது, திருப்பிப் போட்டுத்தான் கொடுக்கணும். ஆனா எண்களுக்கு மட்டும் எம்நிஸ்ட்ங்கற கையெழுத்து எண் படத் தொகுப்பை வச்சு பழக்கின சின்ன மாடல் தனியா வச்சிருந்தீங்கன்னா அங்க திருப்பக் கூடாது, அந்தப் படங்கள் கருப்புல வெள்ளையாவே இருக்கு, சிலேட்டு மாதிரியே. இந்த ஒரு விஷயம் தெரியாம எனக்கு ரெண்டு நாள் போச்சு. டெசராக்ட் அச்செழுத்துக்கு செஞ்சதுங்கறதால கையெழுத்துப் பேருக்கு அதை நம்பாதீங்க, கையெழுத்து படிக்கற வேற ஏதாவது வச்சுக்கோங்க. எது வச்சாலும் பலகை முழுசையும் ஒரே தடவையா கொடுக்காம வரி வரியா வெட்டிக் கொடுங்க, ஒட்டி வர்ற பிரச்சினை அதுலயே பாதி தீரும்.

இப்ப அளவுக்கு வர்றேன். தமிழ்ல எழுதற பலகையில "கி"ங்கற ஒரே எழுத்து ரெண்டு வேலை பார்க்குது. "1 கி"னா கிலோ, "250 கி"னா கிராம். படிக்கற மனுஷனுக்கு சந்தேகமே வராது, மெஷினுக்குத் தெரியாது. நான் வச்ச விதி ரொம்ப சாதாரணம்: வெறும் "கி" வந்து எண் 50 அல்லது அதுக்கு மேல இருந்தா கிராம், கீழ இருந்தா கிலோ. ஆனா "கிலோ"னு முழுசா எழுதி இருந்தா எண் எவ்வளவு பெருசா இருந்தாலும் தொடக் கூடாது, 50 கிலோ மூட்டைக்கும் விலை எழுதி வைப்பாங்க.

```python
def kilo(n, unit):
    if unit == "கிலோ":
        return n
    if unit == "கிராம்":
        return n / 1000
    if unit == "கி":
        return n / 1000 if n >= 50 else n
    return None
```

கடைசியில `None` வர்றது முக்கியம். அளவு புரியலன்னா ஒரு கிலோனு நீங்களா போட்டுடாதீங்க.

அடுத்தது பின்னம். ½, ¼ எல்லாம் கையால எழுதறப்ப மேல சின்னதா 1, ஒரு சாய்வு, கீழ 2. பக்கத்துலயே விலையும் இருக்கும். அதனால "½ 25" வந்து "1/225"னு வரும். இதைப் பிரிக்கறது நினைக்கற அளவு கஷ்டம் இல்ல, ஏன்னா சந்தையில வர்ற பின்னம் கால், அரை, முக்கால் மூணுதான். சாய்வுக்கு அப்புறம் ஒரே ஒரு இலக்கம் 2 அல்லது 4 எடுத்துக்கோங்க, மிச்சம் விலை. அதே சாய்வு விலைக்குப் பின்னாடியும் வரும், "25/-"னு எழுதுவாங்க, அது "251-"னு படிக்கப்படும். வரி கடைசியில வர்ற கோடுக்கு வேற அர்த்தமே இல்லங்கறதால, கடைசியில கோடு இருந்தா அதுக்கு முன்னாடி நிக்கற 1-ஐயும் சேர்த்து வெட்டிடலாம். இதை முதல்ல பண்ணிட்டு அப்புறம் பின்னத்தைப் பாருங்க.

நான் ஒரு பலகை எடுத்துக் காட்டறேன். எழுதி இருந்தது இப்படின்னு வச்சுக்கோங்க:

```
தக்காளி   1 கி 30   3 கி 80
சி.வெங்   ½ 25
கேரட்     250 கி 15
அவரை      ''    20
கீரை      10
```

தக்காளி வரியில ரெண்டு ஜோடி இருக்கு. இதை ரெண்டு பதிவா போடணும், ஒரே பதிவுல திணிச்சீங்கன்னா 1 கிலோவுக்கு 80-னு ஆகிடும். ஒவ்வொரு அளவுக்கும் அதுக்கு வலது பக்கம் அடுத்து வர்ற எண்தான் விலை. இந்த மாதிரி ரெண்டு ஜோடி வர்ற வரி எனக்கு ரொம்ப பிடிக்கும், ஏன்னா அது தன்னைத்தானே சரி பார்த்துக்கும். மூணு கிலோ 80-னா கிலோ சுமார் 26.70, தனியா வாங்கினா 30. மொத்தமா வாங்கறப்ப குறையணும், குறைஞ்சிருக்கு. இதுவே 30-ஐ 20-னு படிச்சிருந்தா மொத்தமா வாங்கறதுக்கு விலை கூடின மாதிரி வரும், அப்ப ரெண்டுல ஏதோ ஒண்ணு தப்புனு உடனே தெரிஞ்சுடும்.

சி.வெங் "1/225"னு வந்துச்சு, அரை கிலோ 25, ஆக கிலோ 50. கேரட்டுக்கு இருக்கற 250 கி மேல சொன்ன விதிப்படி கிராம், கால் கிலோ 15-னா கிலோ 60. இங்க "கி"யை கிலோனு எடுத்திருந்தா 250 கிலோ கேரட் 15 ரூபா, கிலோ 6 பைசா. இந்த மாதிரி தப்பு எல்லாம் ஒரு கிலோ விலையா மாத்தினாத்தான் கண்ணுல படும், 250, 15-னு தனித்தனி காலத்துல இருந்தா ரெண்டும் பார்க்க ஒழுங்காவே இருக்கும்.

அவரை வரியில இருக்கற '' குறி மேல இருக்கறதே இங்கயும்னு சொல்லுது. ஓசிஆர் இதை ஒண்ணு விட்டுடும், இல்லன்னா 11-னு படிக்கும். 11-னு படிச்சா நல்லது, ஏன்னா 11-க்குப் பின்னாடி கிலோவோ கிராமோ இல்லாம நிக்கும், நீங்க பிடிச்சுடலாம். விட்டுட்டாத்தான் ஆபத்து, "அவரை 20"னு சுத்தமா வரும், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. உண்மையில அது கால் கிலோ 20, கிலோ 80. இதுக்கு நான் பண்ணது, பேருக்கும் விலைக்கும் நடுவுல அளவு எழுதற இடத்துல ஏதாவது வெள்ளைப் புள்ளி இருக்கானு படத்துலயே எண்ணிப் பார்த்தேன். எழுத்து வரலை ஆனா சாக்பீஸ் இருக்குன்னா அந்த வரியை தனியா எடுத்து வச்சுடும்.

கீரை 10. அளவு எழுதவே இல்ல. இங்க கட்டுதான்னு நமக்குத் தெரியும், அதனால பொருளுக்கு ஏத்த மாதிரி ஒரு வழக்க அளவு பட்டியல் வச்சுக்கோங்க, கீரைக்கு கட்டு, தேங்காய்க்கு எண்ணிக்கை. ஆனா பலகையில எழுதினதும் நீங்க ஊகிச்சதும் ஒரே காலத்துல கலக்கக் கூடாது, பக்கத்துல இன்னொரு காலம் போட்டு "எழுதினது", "ஊகிச்சது"னு குறிச்சு வைங்க. பின்னாடி யாராவது கணக்கு கேட்கறப்ப எதை நம்பலாம்னு அதுதான் சொல்லும்.

பேர் பத்தி ஒரே ஒரு விஷயம். பலகையில வர்ற பேர் எல்லாம் ஒரு பட்டியலுக்குள்ள அடங்கிடும், அதனால படிச்சதை பட்டியலோட ஒப்பிட்டு கிட்ட இருக்கறதை எடுப்போம். இதுல "காய்" நம்மளை ஏமாத்தும். அவரைக்காய், சுரைக்காய் ரெண்டும் யூனிகோடுல பத்து பத்து குறி, அதுல ரெண்டே ரெண்டுதான் வேற, 80 சதவீதம் ஒண்ணுனு கணக்கு சொல்லும். ஒப்பிடறதுக்கு முன்னாடி பின்னால வர்ற "க்காய்", "ங்காய்" எல்லாத்தையும் வெட்டிடுங்க. அவரை, சுரைனு ஆனா 50 சதவீதத்துக்கு இறங்கிடும், தப்பா பொருந்தாது. சி.வெங், பெ.வெங் மாதிரி சுருக்கத்தை எல்லாம் பட்டியல்லயே தனித்தனிப் பேரா சேர்த்துடுங்க, அதை எல்லாம் ஒப்பீட்டு கணக்கு கண்டுபிடிக்காது. எல்லாத்துக்கும் முன்னாடி என்எஃப்சிங்கற யூனிகோடு சீராக்கத்தைப் போட்டு ஒரே மாதிரி ஆக்கிக்கோங்க. "கொ"ல இருக்கற கொம்பையும் காலையும் தனித்தனி குறியா கொடுத்தா கண்ணுக்கு ஒண்ணா தெரியும், ஒப்பிடறப்ப வேறயா நிக்கும்.

கடைசியா, கிலோ விலையை அதே பொருளோட முந்தின நாள் விலையோட ஒப்பிட்டு, பாதிக்குக் கீழயோ ரெண்டு மடங்குக்கு மேலயோ போனா அந்த வரிக்கு ஒரு குறி மட்டும் போட வைங்க. தானா திருத்த விடாதீங்க. தக்காளி நிஜமாவே ஒரே வாரத்துல ரெண்டு மடங்கு ஏறும், அன்னிக்கு உங்க ப்ரோக்ராம் பழைய விலைக்கு இழுத்து வச்சா சரியா எழுதின பலகையை நீங்களே கெடுத்த மாதிரி ஆகிடும். குறி போட்ட வரியோட வெட்டின படத்தைப் பக்கத்துலயே வச்சு கண்ணால ஒரு தடவை பாருங்க, பலகைக்கு ஒண்ணு ரெண்டு வரிதான் இருக்கும்.